நன்றி ஸ்லைடுக்கு அப்புறம் இருந்தது

பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டை முடிக்கிற எந்த மாணவரிடமும் ஒரு பி.பி.டி. இருக்கும். முதல் ரிவ்யூ, இரண்டாம் ரிவ்யூ, கடைசியில் வைவா என்று பல கைகள் பட்டு மெருகேறிய கோப்பு அது. வெளிநாட்டில் முதுகலை படிக்க உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் நேரம் வந்ததும், 'உங்களைப் பற்றியும் உங்கள் நோக்கம் பற்றியும் எழுதுக' என்ற கட்டத்தை நிரப்ப முதலில் திறப்பதும் அதைத்தான். திறப்பதில் தவறில்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவர் தாமாகச் செய்த வேலைக்கு அதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. சிக்கல் அதற்கு அடுத்த காரியத்தில் இருக்கிறது. ஸ்லைடில் உள்ள வரிகளை வரிசையாக எடுத்து, நடுவே 'மேலும்', 'அதனைத் தொடர்ந்து' என்று ஒட்டுப்போட்டுப் பத்திகளாக்கிவிடுகிறார்கள்.

அப்படி வரும் கட்டுரை ஏன் செத்துக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. பக்கத்தில் ஒருவர் நின்று பேசுவார் என்று நம்பித் தயாரிக்கப்படுவதுதான் ஸ்லைடு. 'பி.எச். விளைவு' என்ற இரண்டு சொல்லும் ஒரு கோட்டுப்படமும் திரையில் இருந்தால் போதும். மிச்சத்தை வாய் சொல்லும். விண்ணப்பத்தைப் படிக்கும் குழுவின் முன்னால் அந்த வாய் இல்லை. ஆகவே ஸ்லைடிலிருந்து விண்ணப்பம் எழுதுவது என்றால், ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது நீங்கள் பேசியதை மீட்டு எழுதுவது. கேள்வி கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலையும், சொல்லாமல் தவிர்த்ததையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். இதில் வரும் மாணவியும் அவருடைய அளவீடுகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வேதியியலும், செய்கிற பிழைகளும் அப்படியல்ல; அவை எங்கும் காணக்கூடியவை.

மாணவி படித்தது சிவில். நால்வர் கொண்ட பேட்ச். நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரைடை நீக்குவது அவர்கள் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பழைய பிரச்சினை. கடும்பாறைப் பகுதி; பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து கிணற்று நீரில் சேர்கிறது. அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக்கறை படியும். அளவு கூடினால், ஆண்டுக்கணக்கில் எலும்பும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. இந்தப் பேட்ச் தேங்காய் ஓட்டுக் கரியில் அலுமினா பூசி, அது ஃப்ளோரைடை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று சோதித்தது. பி.பி.டி.யில் 22 ஸ்லைடுகள். மாணவி விண்ணப்பிப்பது ஐரோப்பாவில் நீர்ப் பொறியியல் முதுகலைக்கு. எழுத வேண்டியது 800 சொல்லுக்கு மிகாத ஒரு கட்டுரை, ஆங்கிலத்தில். பொருளைக் காட்டுவதுதான் இங்கே வேலை என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

அவருடைய முதல் வரைவின் நடுப்பத்தி இது:

"ஃப்ளோரைடு உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களைப் பாதிக்கும் பிரச்சினையாகும். எங்கள் ப்ராஜெக்ட்டில் அலுமினா பூசிய தேங்காய் ஓட்டுக் கரி தயாரிக்கப்பட்டது. பி.எச்., கரியின் அளவு, தொடர்பு நேரம் ஆகியவற்றின் விளைவுகள் ஆராயப்பட்டன. அதிகபட்சமாக 91 சதவீத ஃப்ளோரைடு நீக்கப்பட்டது. இது செலவு குறைந்த, சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையாகும். இந்த ப்ராஜெக்ட் எனக்குக் குழுவாக இயங்கும் திறனையும் ஆராய்ச்சி மனப்பான்மையையும் வளர்த்தது."

பொய் ஒன்றுமில்லை, ஒரே ஒரு எண்ணைத் தவிர, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் இதை எழுதியவர் அந்த நால்வரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நால்வரில் ஒருவராகக்கூட இல்லாமல், ஸ்லைடை மட்டும் பார்த்த ஒருவராகவும் இருக்கலாம். 'தயாரிக்கப்பட்டது', 'ஆராயப்பட்டன' என்று எழுதும்போது செய்தவர் மறைந்துபோகிறார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஸ்லைடுக்கு வந்து, ஸ்லைடிலிருந்து இங்கேயும் வந்துவிட்டது. தேர்வுக்குழுவுக்குத் தெரிய வேண்டியது அந்த மறைந்த ஆள்தான்.

கோப்பைத் திறந்ததும் நகலெடுக்கும் கையைக் கட்டிப்போட வேண்டும். PowerPoint-இல் File, Export வழியாகப் போனால் Create Handouts என்று ஒரு வசதி உண்டு. ஸ்லைடுகளை Word கோப்பில் ஒரு பக்கமாக அடுக்கி, எதிரே குறிப்பெழுத இடம் விட்டுத் தரும். ஸ்லைடுகளைச் சிறிதாக அச்சிட்டுப் பக்கத்தில் பேனாவால் எழுதினாலும் அதே பயன்தான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எதிரே ஒரே கேள்விக்கு விடை எழுத வேண்டும்: இங்கே நான் எடுத்த முடிவு என்ன? 'நாங்கள் என்ன செய்தோம்' என்று கேட்டால் ஸ்லைடே மறுபடி வந்து நிற்கும். முடிவு என்று கேட்டால்தான் 'இதை விட்டுவிட்டு அதை ஏன் எடுத்தோம்' என்ற கதை வெளியே வரும். இந்தக் குறிப்பைத் தமிழிலேயே, நண்பரிடம் சொல்வதுபோல எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ரிப்போர்ட் நடை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் மாணவி இப்படி எழுதிப் பார்த்ததும் பாதி ஸ்லைடுகளுக்கு எதிரே இடம் காலியாகவே இருந்தது. தலைப்பு, பொருளடக்கம், முன்னுரை, ஐந்து ஸ்லைடு நீளும் முந்தைய ஆய்வுகள், ஆதார நூல்கள் எதிலும் அவர் முடிவெடுத்தது எதுவும் இல்லை. அவை போகட்டும். முந்தைய ஆய்வுகளில் மட்டும் ஓரிடம் தேறியது. நாக்பூரிலுள்ள நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையைப் பற்றிய ஸ்லைடு அது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் முறை. பேட்ச் முதலில் அதைத்தான் செய்வதாக இருந்தது. தினமும் சேரும் சேற்றை எங்கே கொட்டுவது, தண்ணீரில் மிஞ்சும் அலுமினியத்தை என்ன செய்வது என்று இந்த மாணவி கேட்கப்போய்த்தான் கரிக்கு மாறினார்கள். ஸ்லைடில் இருந்தது 'குறைபாடு: கழிவுச் சேறு' என்ற ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் ஒரு வாரத்து வாக்குவாதம் இருந்தது.

பிறகு முடிவு ஸ்லைடுகள். 14-ஆவது ஸ்லைடில் 88 சதவீத நீக்கம் என்று இருக்கிறது. 19-ஆவது ஸ்லைடில், அதாவது முடிவுரையில், 91 என்று இருக்கிறது. முதல் வரைவில் அவர் எடுத்தது 91-ஐ. எது சரி?

அவருக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. இரண்டாம் ரிவ்யூவரை ஃப்ளோரைடை அளந்தது நிறம் மங்குவதை வைத்து அளக்கும் ஸ்பேட்ன்ஸ் முறையில். அப்போது வந்தது 91. ரிவ்யூவில் உட்கார்ந்திருந்த வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவர், கரியில் பூசிய அலுமினா கொஞ்சம் கரைந்து வந்தால் இந்த முறை ஃப்ளோரைடைக் குறைத்துக் காட்டுமே என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அலுமினியம் ஃப்ளோரைடோடு சேர்ந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சாயத்துக்கு அது தெரியாது. மிஞ்சிய ஃப்ளோரைடு குறைவாகத் தெரிந்தால் நீக்கம் அதிகமாகத் தெரியும். மாணவி வேதியியல் துறையில் ஃப்ளோரைடு எலெக்ட்ரோடு கேட்டு வாங்கி, அந்தப் பிடியை விடுவிக்கும் கரைசலைச் சேர்த்து மறுபடி அளந்தார். 88 வந்தது. முடிவு ஸ்லைடைத் திருத்தினார்கள், முடிவுரை ஸ்லைடைத் திருத்த மறந்துவிட்டார்கள். பி.பி.டி. என்பது பல கட்டங்களில் ஒட்டிச் சேர்த்த கோப்பு. இந்த மாதிரி முரண் அதில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் விண்ணப்பத்தில் வரும் ஒவ்வொரு எண்ணையும் ஸ்லைடிலிருந்து எடுக்காமல், சமர்ப்பித்த ரிப்போர்ட்டிலிருந்தும் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்தும் எடுப்பதே முறை.

91-ஐ 88 ஆக்கியதால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும் என்று மாணவி பயந்தார். தன் அளவுகோலையே சந்தேகித்து, இன்னொரு அளவுகோல் தேடிப்போய், சொந்த முடிவைத் தானே கீழே இறக்கிய ஒருவரைத்தான் முதுகலை ஆய்வகம் எதிர்பார்க்கிறது. ஸ்லைடு இதை ஒரு சொல்லில்கூடக் காட்டவில்லை.

இதைவிட முக்கியமான ஸ்லைடு ஒன்று 'நன்றி' என்ற ஸ்லைடுக்கு அப்புறம் கிடந்தது. யாராவது கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம் என்று கடைசியில் ஒளித்து வைக்கிற வகை. வைவாவில் அது வெளியே வந்த விதத்தை மாணவி சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்டர்னலாக வந்திருந்தவர் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"ஏம்மா, இது கிணத்துத் தண்ணியா, நீங்களே கலந்த தண்ணியா?"

"சிந்தெட்டிக் வாட்டர் சார். காய்ச்சி வடிச்ச தண்ணியில சோடியம் ஃப்ளோரைடு கலந்தது."

"கிணத்துத் தண்ணியில போட்டுப் பாக்கலையா?"

பேட்ச்சில் மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். இவர் கடைசி ஸ்லைடுக்குப் போனார்.

அதில் இருந்தது சின்ன அட்டவணை. காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமாக இருந்த ஃப்ளோரைடு 1.2-க்கு இறங்கியது. அதுதான் அந்த 88 சதவீதம். தருமபுரி மாவட்டத்து ஊர் ஒன்றின் ஆழ்துளைக் கிணற்று நீரில் 4.2 இருந்தது, அதே அளவு கரி, அதே நேரம், 1.7 வரைதான் இறங்கியது. கிட்டத்தட்ட 60 சதவீதம். சதவீதம் குறைந்தது ஒருபக்கம் இருக்கட்டும். 1.7 என்பது 1.5-க்கு மேலே. அதாவது அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகும் குடிக்கக்கூடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கரியின் அளவு மாறாதபோது, குறைந்த ஃப்ளோரைடிலிருந்து தொடங்கினால் நீக்கும் சதவீதம் பொதுவாகக் கூடத்தான் வேண்டும். பிடித்துக்கொள்ள இடம் நிறைய, பிடிக்க வேண்டியது கொஞ்சம். 4.2-இலிருந்து தொடங்கியும் குறைந்தது என்றால், வேறு ஏதோ அந்த இடத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம்.

தடுத்தது கிணற்று நீரின் காரத்தன்மை. ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரில் பொதுவாக பைகார்பனேட் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும். கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். இல்லாததால்தான் நீரிலேயே தங்குகிறது. அலுமினாவோ பி.எச். 6-ஐ ஒட்டிய மெல்லிய அமிலத்தன்மையில்தான் ஃப்ளோரைடை நன்றாகப் பிடிக்கும். ஆய்வக நீரை அவர்கள் 6-க்குச் சரிசெய்து வைத்திருந்தார்கள். கிணற்று நீர் 8.1. போதாததற்கு பைகார்பனேட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடும். மாணவி கிணற்று நீரில் அமிலம் சேர்த்து 6-க்கு இறக்கி மறுபடி செய்தபோது மிஞ்சிய ஃப்ளோரைடு 1.1. கரி வேலை செய்கிறது. ஆனால் அந்த ஊரில் தினமும் காலையில் யார் அளந்து அமிலம் ஊற்றுவார்கள்?

பேட்ச் இந்த ஸ்லைடை நன்றிக்குப் பின்னால் தள்ளியதைக் குறை சொல்ல முடியாது. ரிவ்யூவுக்கு மதிப்பெண் உண்டு. நல்ல படம் காட்டத்தான் யாரும் விரும்புவார்கள். விண்ணப்பத்தின் கணக்கு வேறு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம் படிக்கப் பணம் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாம் 88 சதவீதம் நன்றாக முடிந்துவிட்டது என்றால், மேற்கொண்டு படிக்க என்ன இருக்கிறது? தீராத கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அடுத்த படிப்பு தேவைப்படுகிறது. அதனால் 22 ஸ்லைடுகளில் விண்ணப்பத்தின் நடுக்கம்பமாக நிற்க வேண்டியது கடைசியில் ஒளித்து வைத்த அந்த அட்டவணை.

மாற்றி எழுதிய நடுப்பத்தி இது:

"எங்கள் நால்வர் குழுவில் தண்ணீர் மாதிரி எடுப்பதும் ஃப்ளோரைடு அளப்பதும் என் பொறுப்பு. ஆய்வகத்தில் நாங்களே கலந்த நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமாக இருந்த ஃப்ளோரைடு, அலுமினா பூசிய கரியால் 1.2 ஆகக் குறைந்தது. முதலில் அளந்த முறை அலுமினியத்தால் பிழைபடக்கூடும் என்று தெரிந்ததும் எலெக்ட்ரோடால் மறுபடி அளந்து இந்த எண்ணுக்கு வந்தேன். அதே கரி தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் 4.2-ஐ 1.7 வரைதான் இறக்கியது. குடிநீர்த் தரம் பொறுக்கும் எல்லை 1.5. அந்த நீரின் காரத்தன்மையே காரணம் என்று சந்தேகித்து, பி.எச்.சை 6-க்குக் கொண்டுவந்து செய்தபோது 1.1 கிடைத்தது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வராத நாட்களில் அந்த ஊரார் இந்தக் கிணற்றுக்குத்தான் திரும்புகிறார்கள். அங்கே தினமும் அமிலம் சேர்க்க ஆளில்லை. அமிலம் சேர்க்காமல், கார நீரிலேயே ஃப்ளோரைடைப் பிடிக்க என்ன வழி என்பது நான் விடை காணாமல் விட்ட கேள்வி."

இரண்டையும் அருகருகே வைத்தால் சில விஷயங்கள் தெரியும். கோடிக்கணக்கான மக்கள் போய் ஒரு ஊர் வந்திருக்கிறது. சதவீதம் அறவே இல்லை. மிஞ்சிய அளவும் அதை ஒப்பிட ஓர் எல்லையும் இருக்கின்றன. இது வெறும் அழகுக்காகச் செய்தது இல்லை. சதவீதம் எதிலிருந்து எவ்வளவு என்பதை மறைக்கும். 88 சதவீதம் என்பது 10-இலிருந்து 1.2, 20-இலிருந்து 2.4. முன்னதைக் குடிக்கலாம், பின்னதைக் குடிக்கக்கூடாது. துறை தெரிந்த வாசகர் மிஞ்சிய அளவைத்தான் தேடுவார். துறை தெரியாதவருக்கும் 1.7, 1.5 என்ற ஒப்பீடு உடனே புரியும். 'ஆராய்ச்சி மனப்பான்மை' என்ற சொல் போய்விட்டது. அதற்கு வேலையில்லை.

'நாங்கள்', 'நான்' பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்லைடு நால்வருக்கும் பொது. கரி தயாரித்தவர் வேறொருவர் என்றால், 'நான் தயாரித்தேன்' என்று எழுதுவது நேர்மையில்லை என்பதோடு ஆபத்தும்கூட. கைடு எழுதும் பரிந்துரைக் கடிதமும் இதே கோப்பில் போய்ச் சேர்கிறது; இரண்டும் முட்டிக்கொண்டால் படிப்பவர் மாணவியைத்தான் சந்தேகிப்பார். எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று எழுதினால் முதல் வரைவுக்கே திரும்பிப்போகிறோம். குழு எத்தனை பேர், அதில் என் வேலை எது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு 'நாங்கள்' வந்தாலும் 'நான்' வந்தாலும் குழப்பம் இல்லை. பேட்ச்சில் இன்னொருவரும் அதே படிப்புக்கு விண்ணப்பிப்பது உண்டு. இருவரும் ஒரே பி.பி.டி.யின் வரிகளை நகலெடுத்தால், ஒரே மாதிரிப் பத்திகள் ஒரே குழுவின் மேசைக்குப் போகும். ஒப்புமை காட்டும் மென்பொருள் இருந்தால் அது பிடிக்கும். இல்லாவிட்டாலும் மனிதக் கண்ணே பிடித்துவிடும். முன்னுரை ஸ்லைடுகளில் இன்னொரு சங்கடம்: அவற்றின் வரிகள் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை, எடுத்தவருக்கே அது மறந்திருக்கும்.

அடுத்தது 'எதிர்காலப் பணி' ஸ்லைடு. தமிழ்நாட்டில் எந்தப் ப்ராஜெக்ட்டை எடுத்தாலும் இந்த ஸ்லைடு ஏறக்குறைய ஒன்றுதான். இவர்களுடையதில் மூன்று வரிகள்: குழாய்வடிவக் கலத்தில் தொடர்ந்து நீரோட்டிச் சோதிப்பது, கரியைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவது, முன்மாதிரி நிலையம் அமைப்பது. மூன்றையும் விண்ணப்பத்தில் போட்டால் மூன்றும் வெறும் ஆசையாக நிற்கும். கடைசி அட்டவணையிலிருந்து பிறந்த கேள்வியோடு எது பொருந்துகிறது என்று பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அலுமினாவைப் புதுப்பிக்கக் காரக் கரைசலால் கழுவி, பிறகு அமிலத்தால் சமன்செய்வார்கள். ஆக அமிலமும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் அங்கேயும் தேவை. 'ஊரில் இரசாயனம் கையாள ஆளில்லாமல் இது எப்படி ஓடும்' என்ற ஒரே கேள்விக்குள் முதல் பிரச்சினையும் இந்தப் பிரச்சினையும் அடங்கிவிடுகின்றன. விண்ணப்பிக்கும் படிப்பின் பாடப்பட்டியலைத் திறந்து, இந்தக் கேள்விக்கு நேராக உதவும் பாடங்கள் எவை என்று தேட வேண்டும். இரண்டு கிடைத்தால் போதும். நீர்வேதியியல் பாடம் ஒன்று, சிறு ஊர்களுக்கான நீர் வழங்கல் பாடம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், எது எந்தப் பாதிக்கு விடை தரும் என்று ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதலாம். பல்கலைக்கழகத்தின் உலகத் தரவரிசையையும் 'புகழ்பெற்ற பேராசிரியர்களையும்' பற்றி அவர்களுக்கே எழுதி அனுப்புவதால் பயனில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

உதவித்தொகைக்கு உதவித்தொகை கேட்கும் விதமும் மாறும். 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் ஒரே படிப்பைக் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். எனவே எந்த நாட்டில் எந்தப் பகுதி தன் கேள்விக்குத் தேவை என்று சொல்ல முடிகிறவருக்கு விண்ணப்பம் வலுவாகும். பிரிட்டனின் செவனிங் ஒரே கட்டுரையாகக் கேட்பதில்லை. தலைமைப் பண்பு, மனிதர்களோடு தொடர்பு, படிப்பு, பிற்காலப் பணி என்று பிரித்துக் கேட்கும். வேலை அனுபவமும் வேண்டும். நம் மாணவி சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு அங்கே போனால், இதே ப்ராஜெக்ட்டில் அட்டவணை பின்னுக்குப் போய், நல்கொண்டா முறையிலிருந்து குழுவைத் திருப்பிய அந்த வாக்குவாதம் முன்னுக்கு வரும். ஸ்லைடுகள் அப்படியேதான் இருக்கின்றன. எந்த முடிவை வெளியே எடுப்பது என்பதைக் கேள்வி தீர்மானிக்கிறது. எழுத்தளவும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுவதால், போன வருடம் சீனியர் எழுதிய கோப்பை நம்பாமல் இந்த ஆண்டு அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

800 சொல்லில் ப்ராஜெக்ட்டுக்கு எவ்வளவு? முந்நூற்றைம்பதைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. ப்ராஜெக்ட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. கடைசியில் படிப்பைப் பற்றி இரண்டு வரி, திரும்பி வந்து செய்யப்போவது பற்றி ஒரு வரி என்று முடிந்துபோகிறது. வரிசையும் ஸ்லைடின் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. முன்னுரை, நோக்கம், முறை, முடிவு என்ற வரிசை பதினைந்து நிமிடம் நகராமல் உட்கார்ந்திருக்கும் சபைக்கானது. விண்ணப்பம் படிப்பவர் ஒரே உட்காரலில் பல கட்டுரைகளைப் புரட்டுகிறார். கிணற்று நீரில் 1.7 வந்ததிலிருந்தே தொடங்கலாம். கரி என்றால் என்ன, ஏன் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். படமும் அட்டவணையும் இங்கே கிடையாது என்பதால், சொல்லால் தாங்க முடிகிற அளவு எண்களே போதும். மேலே காட்டிய பத்தியில் ஏழு எண்கள் இருக்கின்றன. இன்னொன்று ஏற்றினால் பத்தி சாய்ந்துவிடும். கரி எத்தனை கிராம், எத்தனை நிமிடம் குலுக்கினார்கள், எந்தச் சமன்பாட்டோடு பொருந்தியது என்பவை ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தாலும் இங்கே வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் காட்ட வேண்டும். ஒருவர் துறைக்கு வெளியே இருப்பவர், தமிழாசிரியரோ, பி.காம். படித்த அக்காவோ. அவரிடம் 'நல்லா இருக்கா' என்று கேட்டால் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார். படித்த தாளை வாங்கிக்கொண்டு, 'இவ என்ன செஞ்சா, எங்க மாட்டிக்கிட்டா, எதுக்குப் போறா' என்று திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு ஸ்லைடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொருவர் கைடு. பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அவரிடம் இந்த வரைவு போய்ச் சேர வேண்டும், கூடவே அந்தக் கடைசி ஸ்லைடும். அவர் கையில் அந்த வருடம் பல பேட்ச்கள் இருந்திருக்கும். இவர்களுடையதில் அவருக்கு நினைவிருப்பது அநேகமாக முடிவுரையில் பார்த்த 91 சதவீதமாகத்தான் இருக்கும். கடிதத்தில் அவர் அதை எழுதிவிட்டால், மாணவி தேடித் திருத்திய எண்ணுக்கு எதிராக அவருடைய சொந்தக் கைடே சாட்சி சொன்னதாகிவிடும். "சார், 91 இல்ல, எலெக்ட்ரோடுல பாத்தப்புறம் 88. கிணத்துத் தண்ணி ரிசல்ட்டும் இதுல சேத்திருக்கேன்" என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் போதும்.